செட்டிநாட்டு வீட்டுக் காட்சிக்கு ஃபோலி: காலடி, துணி, கதவு, அடுப்படி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் குறும்படமோ வெப் சீரிஸோ எடுத்துவிட்டு, எடிட்டிங் முடிந்த பிறகு சத்தத்துக்காக அலைகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். சண்டை, மழை, கார் எதுவும் இதில் இல்லை. ஒரு வீடு, ஒரு காலை நேரம், ஓர் ஆச்சி, ஒரு பேரன், அவ்வளவுதான்.

ஃபோலியும் சவுண்ட் எஃபெக்ட்ஸும் ஒண்ணுதானே? ஏன் ரெண்டு பேர்?

படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதில் நடிப்பவரின் அசைவோடு சேர்ந்து ஒருவர் செய்து காட்டிப் பதிவது ஃபோலி. காலடி, துணி, கையில் எடுக்கும் பொருள் என்று மூன்று வகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு கோப்பில் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் சத்தத்தை எடுத்து ஒட்டுவதை எஃபெக்ட்ஸ் என்கிறோம். தூரத்தில் போகும் பஸ், குக்கர் விசில், மணி எல்லாம் அந்தக் கணக்கு. காக்கை, புறா, தெருவின் பொதுவான இரைச்சல் மூன்றாவது, அது ஆம்பியன்ஸ்.

கதவு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கைப்பிடியைத் தொடுவது, சங்கிலியை எடுப்பது ஃபோலி. கதவின் கனமான உடம்பு நகர்வது எஃபெக்ட்ஸ். இதை முதலிலேயே பிரித்து எழுதிக்கொள்ளாவிட்டால் இரண்டு பேரும் ஒரே கதவைப் பதிந்து கொண்டு வருவார்கள், சங்கிலியை யாரும் பதிந்திருக்க மாட்டார்கள்.

ஷூட்டிங்லயே மைக் இருந்துச்சே, அந்தச் சத்தத்தையே வெச்சுக்கக் கூடாதா?

வைத்துக்கொள்ளலாம், நன்றாக விழுந்திருந்தால். ஆனால் அந்த மைக் நடிகரின் வாயைப் பார்த்துப் பிடித்தது. கால் சத்தம் அதில் ஓரமாக, வசனத்தோடு கலந்து விழுந்திருக்கும். வசனத்தை டப்பிங்கில் மாற்றினால் அதனோடு ஒட்டியிருந்த காலும் துணியும் டம்ளரும் சேர்ந்து போய்விடும். நம் ஊரில் பல படங்கள் இன்னமும் டப்பிங்தான் என்பதால், ஃபோலியில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவேண்டியிருக்கிறது.

லைவ் சவுண்டில் எடுத்த படத்துக்கும் வேலை இருக்கிறது. அங்கே விடுபட்டதை நிரப்பவும், மெலிந்ததைத் தடிமனாக்கவும் செய்வோம். எது எவ்வளவு வேண்டும் என்பது கடைசிக் கேள்வியில் வரும்.

லிஸ்ட் எழுதுறதுக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? படத்தைப் பார்த்துக் கண்ணுல படுறதை எல்லாம் எழுதினா போதுமா?

போதாது, சில சமயம் அதிகமும் கூட. மூன்று தடவை ஓடவிடுங்கள். முதல் தடவை சத்தத்தோடு, கை கட்டிக்கொண்டு, கதைக்காக மட்டும். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு ஒருவரின் காலை மட்டும் பாருங்கள். கால் திரையில் தெரியாத ஷாட்டிலும் அவர் நடக்கிறார், தோள் ஏறி இறங்குவதை வைத்து அடியை எண்ணலாம். மூன்றாவது தடவை கைகளைப் பாருங்கள்: எதை எடுக்கிறார், எங்கே வைக்கிறார், எது எதன்மேல் உரசுகிறது.

ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம் இருக்கவேண்டும்: நேரம், யார், எதன்மேல் எது, எப்படி. 'டம்ளர் வைக்கும் சத்தம்' என்று எழுதினால் பதிபவருக்கு ஒன்றும் தெரியாது. 'நிறைந்த எவர்சில்வர் டம்ளர், மரப்பலகைமேல், மெதுவாக, சாய்த்து' என்று எழுதினால் அவர் சரியான பொருளைத் தேடி எடுப்பார். அடி, துணி, பொருள் மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பதிவதும் அந்த வரிசையில்தான் நடக்கும்.

ஒரு மாதிரி லிஸ்ட் போட்டுக் காட்டுங்களேன், அப்பதான் புரியும்.

சரி. 45 நொடிக் காட்சி. காலை. ஆச்சி வளவு என்னும் நடு முற்றத்தின் தாழ்வாரத்தில் நடந்து வந்து, வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போகும் இரட்டைக் கதவைத் திறந்து, அடுப்படிக்குள் போய்க் காபி ஊற்றுகிறார். கிணற்றடியிலிருந்து பேரன் ஈரக்காலோடு ஓடிவந்து மணையில் உட்கார்கிறான். ஆச்சி அவன் முன்னால் டம்ளரை வைக்கிறார். படம் நொடிக்கு 24 ஃப்ரேம்.

காலடி
- `00:00:02:10` ஆச்சி, வெறுங்கால், ஆத்தங்குடிக் கல், மெதுவான நடை, இடது கால் லேசாக இழுபடும். கதவு வரை.
- `00:00:11:00` ஆச்சி, நிலைப்படியைத் தாண்டி உள்ளே, சிமெண்ட் தரை. அடுப்பு வரை.
- `00:00:27:18` பேரன், ஈரக்கால், முதலில் கருங்கல், பிறகு சிமெண்ட் தரை, ஓட்டம். மணையருகில் சறுக்கி நிற்பான்.

துணி
- `00:00:02:10` ஆச்சி, கண்டாங்கிச் சேலை, நடையோடு தொடர்ந்து.
- `00:00:14:06` முந்தானையை இடுப்பில் செருகுகிறார். குளோஸ் ஷாட்.
- `00:00:31:02` பேரன் தோளிலிருந்த துண்டை உருவி மடியில் போடுகிறான்.

பொருள்
- `00:00:08:15` சங்கிலியை நாதாங்கியிலிருந்து எடுக்கிறார். கதவில் மோதி ஆடி நிற்கும்.
- `00:00:09:20` வலது கதவைத் தள்ளுகிறார்.
- `00:00:17:04` டம்ளர் அடுக்கிலிருந்து ஒன்றை உருவுகிறார்.
- `00:00:20:00` பாத்திர மூடியை எடுத்து மேடையில் வைக்கிறார், மூடி சுழன்று அடங்கும்.
- `00:00:21:12` காபி ஊற்றுகிறார், டம்ளர் முக்கால் நிறையும்.
- `00:00:35:09` நிறைந்த டம்ளரைப் பேரன் முன்னால் தரையில் வைக்கிறார்.

இதில் சங்கிலி ஆடி நிற்பதும், மூடி சுழன்று அடங்குவதும் திரையில் பாதிதான் தெரியும். ஷாட் மாறிவிடுகிறது. ஆனால் சத்தம் அடுத்த ஷாட்டுக்குள் கொஞ்சம் நீண்டால்தான் இரண்டு ஷாட்டும் ஒரே வீட்டில் நடப்பதாகத் தோன்றும். சத்தம் எங்கே முடியவேண்டும் என்பதையும் குறித்து வையுங்கள்.

வீட்டுக்குள்ள எல்லாரும் வெறுங்கால்தான். அதுக்கு என்ன பெருசா சத்தம் வந்துடப் போகுது?

இந்த ஊர் வீட்டுக் காட்சியில் கஷ்டமான வேலையே இதுதான். ஃபோலி பற்றிக் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஷூ, பூட்ஸ், ஹீல்ஸ் என்றே பேசும். இங்கே செருப்பு முகப்போடு சரி. உள்ளே இருப்பது வெறுங்கால், வழுவழுப்பான கல். மௌனமாக விட்டால் ஆச்சி மிதந்து வருவது போலிருக்கும். ஓங்கி மிதித்தால் அவருக்கு வயது இருபதாகிவிடும்.

வெறுங்காலில் மூன்று சத்தம் இருக்கிறது. குதிகால் ஊன்றும் அடங்கிய 'தொம்'. உள்ளங்கால் படியும் 'பத்'. காலை எடுக்கும்போது தோல் கல்லை விட்டுப் பிரியும் மெல்லிய ஒட்டல். தூர ஷாட்டுக்கு முதலாவது போதும். காலைக் கிட்டத்தில் காட்டினால் மூன்றாவதுதான் உயிர். காய்ந்த காலில் அது வராது, ஈரத்துணியால் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டு மிதித்தால் வரும். அதிகமாக நனைத்தால் பேரனின் கிணற்றடிக் காலாகிவிடும். மைக்கை மூன்றடி தள்ளி முழங்கால் உயரத்தில், காலைப் பார்த்து வையுங்கள். நின்ற இடத்திலேயே குதியிலிருந்து விரலுக்கு உருட்டி மிதிக்கவேண்டும், முன்னும் பின்னும் நடந்தால் சத்தம் பெரிதாகிச் சிறிதாகும். போதவில்லை என்றால் மைக்கின் கெயினைக் கூட்டுங்கள், மிதியைக் கூட்டாதீர்கள்.

ஆச்சியின் இடது கால் இழுபடுவதைத் தனியாகவே பதியலாம். நடையை ஒரு டேக்கில் முடித்துவிட்டு, இழுப்பை மட்டும் அடுத்த டேக்கில், விரல் நுனியைக் கல்லில் தேய்த்து. மிக்ஸிங்கில் அளவைக் கூட்டிக் குறைக்க வசதி. பேரனின் ஓட்டத்துக்கு நான் காலைவிடக் கையையே நம்புவேன். ஈரமான உள்ளங்கைகளால் கல்லில் மாறி மாறித் தட்டினால் சின்னப் பையனின் கால் அப்படியே வந்து நிற்கும். பெரியவர் காலால் அந்த வேகமும் லேசும் வராது.

ஆத்தங்குடிக் கல் நாலு வாங்கிக் கீழ போட்டு மிதிச்சா சரியா வந்துடுமா?

கல் சரிதான், போடும் விதம்தான் கெடுக்கும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த முகம்தான் அந்த வழுவழுப்பு. அதனால் வெறுங்கால் அதில் ஒட்டிப் பிரியும். சொரசொரப்பான டைல்ஸில் இந்த ஒட்டல் கிடைக்காது.

ஆனால் வீட்டில் அந்தக் கல் சுண்ணாம்புக் கலவையிலோ சிமெண்டிலோ பதிந்து, கீழே பூமியோடு சேர்ந்திருக்கிறது. நீங்கள் அதை அறைத் தரையில் சும்மா வைத்தால் அடியில் காற்று இருக்கும், மிதிக்கும்போது கல் ஆடிக் கடகடக்கும். மரத்தரையின் மேல் வைத்தால் பெட்டிக்குள் நடப்பதுபோல் 'டொம் டொம்' என்று கேட்கும். மூன்றடிச் சதுர அளவுக்கு, கீழ்த்தளத்துத் தரையில், இரண்டங்குல மணல் பரப்பி, தட்டி மட்டம் செய்து, அதன்மேல் கற்களை நெருக்கி அடுக்குங்கள். விரல் முட்டியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாருங்கள். ஒரு கல் மட்டும் வேறு மாதிரி ஒலித்தால் அதன் அடியில் மணல் போதவில்லை. மாடி அறையில் இதைச் செய்யவேண்டாம், என்ன மணல் போட்டாலும் தளம் அதிரும்.

கொலுசு போட்டுக்கிட்டே நடந்து பதியலாம்ல? ரெண்டு வேலை ஒண்ணா முடியுமே.

முடியும், அப்புறம் பிரிக்க முடியாது. கொலுசு காலைவிடப் பல மடங்கு உரக்கக் கேட்கும். அதற்கேற்ப மைக்கை வைத்தால் கால் காணாமல் போகும். காலடியைத் தனியாகப் பதிந்துவிட்டு, அதைக் கேட்டபடி கொலுசைக் கையில் பிடித்து அசைத்துப் பதியுங்கள். அடிக்கு ஒரு குலுக்கல் போதாது. கால் ஊன்றும்போது ஒன்று, எடுக்கும்போது சின்னதாய் இன்னொன்று.

மெட்டி வேறு. அது கல்லில் படும்போது மட்டும் 'டிக்' என்று ஒரு சின்ன உலோகச் சத்தம். இதை விரலில் மெட்டியை மாட்டிக்கொண்டு கல்லைத் தொட்டுத் தொட்டே எடுத்துவிடலாம். மூன்று அடிக்கு ஒன்று கேட்டால் போதும். எல்லா அடியிலும் போட்டால் கடிகாரமாகிவிடும்.

சேலைச் சத்தம்னு ஒண்ணு தனியா வேணுமா? யாருக்குக் கேக்கப் போகுது?

யாருக்கும் கேட்காது. ஆனால் அந்த டிராக்கை அணைத்துப் பாருங்கள், ஆச்சி பொம்மையாகிவிடுவார். துணி டிராக் இருக்கிறதா என்று சந்தேகம் வருமளவுக்குத்தான் அதன் சத்தம் இருக்கவேண்டும்.

எந்தத் துணி என்பதுதான் விஷயம். கண்டாங்கி தடித்த பருத்தி நெசவு, அதன் சத்தம் தாழ்ந்து, கனமாக, 'புஸ் புஸ்' என்று வரும். பட்டோ 'சரசர' என்று மேலே போகும். காலை நேர அடுப்படியில் பட்டுச் சத்தம் கேட்டால், படம் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் வீட்டில் ஏதோ விசேஷம் என்று தோன்றும். கடையில் புதிதாக வாங்கிய கண்டாங்கியும் உதவாது. கஞ்சி மொடமொடப்பில் காகிதம் போல இரையும். நாலைந்து சலவை கண்ட சேலையை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள்.

உட்கார்ந்தபடி சேலையை இரண்டு கையிலும் சுருட்டிப் பிடித்து, திரையில் நடப்பவரின் தொடை அசைவுக்கு ஏற்ப உரசுங்கள். மைக் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். இந்தச் சத்தம் மிகச் சிறியது என்பதால் மைக்கின் சொந்த இரைச்சல் குறைவாக இருக்கவேண்டும், மின்விசிறி, ஏசி எல்லாம் நிறுத்தியிருக்கவேண்டும். உங்கள் உடம்பில் பாலியஸ்டர் சட்டை, வாட்ச், சாவிக்கொத்து எதுவும் வேண்டாம். முந்தானை செருகல் மட்டும் தனி டேக்: ஓர் இழுப்பு, ஒரு சுருட்டல், ஒரு செருகல். குளோஸ் ஷாட் என்பதால் அதை மற்றதைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் பதியலாம்.

பர்மா தேக்குக் கதவை ஸ்டுடியோவுக்குத் தூக்கிட்டு வர முடியாதே. என்ன பண்றது?

கதவை ஒரே சத்தமாக நினைப்பதால்தான் இந்தப் பயம். நம் லிஸ்ட்டில் உள்ள கதவை அவிழ்த்துப் பாருங்கள். சங்கிலி நாதாங்கியிலிருந்து விடுபடுகிறது. சங்கிலி பலகையில் மோதி ஆடுகிறது. உள்ளங்கை பலகையில் பதிகிறது. கதவு சுழலும் மர முளையான குடுமி குழியில் திரும்பி முனகுகிறது. தள்ளாத இடது கதவும் லேசாக அதிர்ந்து நிலையில் இடிக்கிறது. கடைசியாக வலது கதவு சுவரருகே போய் நிற்கிறது. இதில் சங்கிலியையும் கையையும் ஸ்டுடியோவிலேயே செய்யலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் சங்கிலி, தாழ்ப்பாள், பெரிய பூட்டு எல்லாம் கிடைக்கும். வாங்கி ஒரு கனமான மரப் பலகையில் திருகிவிட்டால் போதும். லேசான ஒட்டுப்பலகையில் மாட்டினால் சங்கிலி டின் டப்பாவைத் தட்டியதுபோல் இருக்கும், எனவே பலகையின் கனத்தில் கஞ்சம் வேண்டாம்.

முனகலுக்குப் பழைய சாய்வு நாற்காலியின் மூட்டு அருமையாக வேலை செய்யும். மரமும் மரமும் ஒட்டி விடுபட்டு ஒட்டி விடுபட்டு வருவதுதான் முனகல். மெதுவாகத் திருப்பினால் தனித்தனிக் 'கிர்' ஆகக் கேட்கும், வேகம் கூடினால் அவை சேர்ந்து ஒரே கீச்சாகும். எனவே ஆச்சி தள்ளும் வேகத்தை அப்படியே பின்பற்றுங்கள்: தொடக்கத்தில் மெதுவாக, பிறகு விரைவாக, முடிவில் மறுபடி மெதுவாக. கனத்துக்கு நிஜக் கதவையே பதிந்து வருவதுதான் நல்லது, அடுத்த கேள்வியைப் பாருங்கள். ஒரு வேண்டுகோள்: பழைய வீடு என்பதற்காகக் கதவை ஒவ்வொரு முறையும் கிறீச்சிட வைக்காதீர்கள். தினமும் ஆள் புழங்கும் வீட்டில் குடுமிக்கு எண்ணெய் விட்டிருப்பார்கள். பூட்டிக் கிடந்த வீடு என்று காட்டத்தான் அந்தக் கிறீச்சு.

அப்ப பேசாம அந்த வீட்டுக்கே போய் எல்லாத்தையும் பதிஞ்சுட்டு வந்துடலாமே?

கதவு, பெரிய பூட்டு, மரப்படி, கிணற்று ராட்டினம் இவற்றுக்குப் போங்கள். காலுக்கும் துணிக்கும் போகாதீர்கள். அந்த வீட்டில் உயரமான கூரையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சின் கண்ணாடி போன்ற சுவரும் இருக்கிறது. நீங்கள் பதியும் காலடியோடு அறையின் எதிரொலியும் ஒட்டிக்கொண்டு வரும். குளோஸ் ஷாட்டுக்கு அதை உரித்தெடுக்க முடியாது. கூடவே முற்றம் வழியாகக் காக்கையும் புறாவும் இறங்கும். துணியின் சத்தம் அவற்றுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, தெரு அடங்கிய நேரமாகக் கேளுங்கள். ஒரே கதவை மூன்று இடத்தில் மைக் வைத்துப் பதியுங்கள்: ஓரடி, ஆறடி, வளவின் எதிர்ப்பக்கம். மெல்ல, சாதாரணமாக, கோபமாக என மூன்று வேகம். அப்புறம் இரண்டு விஷயத்தை மறக்கவேண்டாம். யாரும் அசையாமல் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதியுங்கள். பட்டாலை என்னும் கூடம், வளவு, அடுப்படி மூன்றிலும் ஒரு பலூனை ஊதி உடைத்து அந்த எதிரொலியைப் பதியுங்கள். ஏன் என்பது, சத்தம் படத்தில் ஒட்டாதது பற்றிய கேள்வியில் வருகிறது.

எவர்சில்வர் சாமான் எல்லாமே ஒரே மாதிரி 'டிங்'னு காதைக் குத்துது. எப்படி அடக்குறது?

காலி டம்ளரை வைத்துப் பதிந்திருப்பீர்கள். எவர்சில்வர் தகடு மெல்லியது, தட்டினால் மேல்ஸ்தாயியில் நெடுநேரம் ஒலிக்கும். அதில் காபி நிறைந்திருந்தால் திரவமே அந்த அதிர்வை அடக்கிவிடும். கையால் இறுகப் பிடித்தாலும் அடங்கும். ஆச்சி நிறைந்த டம்ளரை விளிம்பைப் பிடித்து வைக்கிறார். நீங்களும் அளவாகத் தண்ணீர் ஊற்றி, அதே விளிம்பைப் பிடித்து, அடியின் ஓரம் முதலில் படும்படி சாய்த்து வையுங்கள். 'டக்' என்ற சின்னச் சத்தமும், அதன் பின்னால் லேசான அழுத்தமும் வரும். அடுக்கிலிருந்து உருவும் டம்ளர் மட்டும் காலி, அது ஒலிக்கட்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காபி ஊற்றியாகிவிட்டது என்று காதுக்குச் சொல்லும்.

ஊற்றும் சத்தத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. டம்ளர் நிறைய நிறைய உள்ளே இருக்கும் காற்றின் உயரம் குறைந்து, சுருதி மேலே ஏறும். எனவே ஊற்றலை நடுவில் வெட்டி ஒட்டினால் சுருதி இடறும், உடனே தெரிந்துவிடும். மூன்று நொடி ஊற்றல் வேண்டுமென்றால் மூன்று நொடியில் முக்கால் நிறையும்படி ஒரே டேக்கில் ஊற்றுங்கள். தண்ணீரையும் சுடவைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றும் சத்தம் துல்லியமாகவும் கூர்மையாகவும் இருக்கும், வெந்நீர் சற்று மந்தமாக, மெத்தென்று விழும். பார்ப்பவர் இதைக் கவனிக்க மாட்டார், ஆனாலும் ஆவி பறக்கும் காபிக்குப் பச்சைத் தண்ணீர் பொருந்தாது.

மங்குச் சாமான், பித்தளை இருந்தால் அவற்றை எவர்சில்வரால் சமாளிக்காதீர்கள். மங்குத் தட்டு இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பூச்சு, 'டொக்' என்று சுருங்கி ஒலிக்கும். பித்தளைக் குடம் தடித்தது, அடிநாதம் தாழ்ந்து நிற்கும்.

அம்மி அரைக்கிற சத்தம், தாளிக்கிற சத்தம் எல்லாம் எதை வெச்சுச் செய்றது?

அம்மிக்கு அம்மிதான். இதற்கு மாற்று தேடி அலைவதைவிட ஒன்றை வாடகைக்கு எடுப்பது சுலபம். கல்லும் கல்லும் மட்டும் உரசினால் கொடூரமாக இருக்கும், இடையில் எதையாவது போடுங்கள். வரமிளகாய் முதலில் நொறுங்கும், தண்ணீர் தெளித்ததும் சத்தம் வழுவழுப்பாகித் தாழும். காட்சி எந்தக் கட்டத்தில் தொடங்குகிறதோ அந்த ஈரத்தில் ஆரம்பியுங்கள்.

தாளிப்பை நிஜ அடுப்பில் பதிவதுதான் நல்லது. காஸ் அடுப்பின் இரைச்சல் வேண்டாமென்றால் வாணலியைச் சூடாக்கி அடுப்பை அணைத்த அடுத்த நொடியில் கடுகைப் போடுங்கள், எண்ணெய் சூடு கொஞ்ச நேரம் தாங்கும். மைக்கை எண்ணெய் தெறிக்காத தூரத்தில், பக்கவாட்டில் வையுங்கள்.

எல்லாம் ஃப்ரேம் ஃப்ரேமா சிங்க் பண்ணிட்டேன். ஆனாலும் படத்துல ஒட்டாம, மேல பூசின மாதிரி இருக்கே?

மூன்று காரணம்தான் இருக்க முடியும். முதலில் சிங்க்கையே மறுபடி பாருங்கள். 24 ஃப்ரேம் படத்தில் ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 42 மில்லி நொடி. சத்தம் ஒரு ஃப்ரேம் பிந்தினால் காது பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் நிஜ உலகிலும் சத்தம் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது. முந்தினால் உறுத்தும். குதிகால் தரையைத் தொடும் ஃப்ரேமில் சத்தத்தின் தொடக்கத்தை வையுங்கள், அதற்கு முன்னால் ஒருபோதும் வேண்டாம்.

இரண்டாவது தூரம். தாழ்வாரத்தின் கோடியில் ஆச்சி சின்னதாகத் தெரிகிறார், காலடியோ காதருகில் கேட்கிறது. அளவைக் குறைத்தால் மட்டும் தூரம் வராது, கிட்டத்துச் சத்தம் சன்னமாகக் கேட்கும், அவ்வளவே. மேல்ஸ்தாயியையும் கொஞ்சம் குறைத்து, எதிரொலியின் பங்கைக் கூட்டவேண்டும். அல்லது தூர ஷாட்டுக்கு மைக்கை எட்டடி தள்ளி இன்னொரு டேக் எடுத்துவிடுங்கள், அதுவே உத்தமம்.

மூன்றாவது எதிரொலி. ஸ்டுடியோவில் உலர்வாகப் பதிந்த எல்லாவற்றுக்கும் ஒரே ரீவெர்ப், அதாவது ஒரே செயற்கை எதிரொலி, போட்டிருப்பீர்கள். வளவு வானத்துக்குத் திறந்தது, சத்தத்தில் பாதி மேலே போய்விடும், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒரு சிறு எதிரொலிதான் மிச்சம். பட்டாலை நாலு பக்கமும் வழுவழுப்பு, நீண்டு ஒலிக்கும். அடுப்படி சிறியது, சாமானும் சாக்கும் அடைந்தது, சீக்கிரம் அடங்கும். பலூன் உடைத்துப் பதிந்ததை கன்வலூஷன் ரீவெர்ப்பில் ஏற்றினால் அந்தந்த இடத்தின் எதிரொலி உங்கள் உலர்ந்த சத்தத்தின்மேல் வரும். நம் காட்சியில் `00:00:11:00`-ல் நிலைப்படி தாண்டும் அந்த அடியிலேயே எதிரொலி மாறவேண்டும். அங்கே மாறாவிட்டால், ஆச்சி கதவைத் திறந்தும் வெளியிலேயே நிற்கிறார்.

வேற மொழிக்கு டப்பிங் விக்கலாம்னு சொல்றாங்க. அதுக்கு லிஸ்ட்ல ஏதாவது மாத்தணுமா?

லிஸ்ட் நீளும். தமிழில் வசனத்தின் கீழே புதைந்துபோகும் என்று விட்டவை எல்லாம் தேவைப்படும். தெலுங்குக்கோ இந்திக்கோ வசனம் நீங்கலாக இசையும் சத்தமும் மட்டும் உள்ள டிராக்கைத் தான் கொடுப்பீர்கள். லைவ் சவுண்டில் எடுத்த படமென்றால், வசனத்தை எடுத்ததும் அதனோடிருந்த காலும் டம்ளரும் போய்விடும். இரண்டாவது கேள்வியில் சொன்னது இங்கே முழுதாக வந்து நிற்கும்.

தமிழுக்கு மட்டும் செய்தால் நான் முதலில் வெட்டுவது பேரனின் துண்டு. அவன் பேசிக்கொண்டே உருவுகிறான், யாரும் கேட்கப்போவதில்லை. டப்பிங்குக்குப் போனால் அதையும் பதிந்தாகவேண்டும். சோதிப்பது எளிது: வசனத்தையும் இசையையும் அணைத்துவிட்டுக் காட்சியை ஓடவிடுங்கள். ஏதாவது அசைந்தும் சத்தம் வராத இடத்தில் நிறுத்தி நேரத்தைக் குறியுங்கள். ஆச்சியின் இருமல், உச்சுக்கொட்டல், பேரன் காபி உறிஞ்சுவது ஆகியவற்றைத் தனி டிராக்கில் வைத்துக் கொடுங்கள். அங்குள்ள டப்பிங் கலைஞர் தானே செய்துகொள்வதா, இதையே வைத்துக்கொள்வதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.